அப்பாவைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்

கேள்வி: பாண்டான் லூப்பில் அப்பாவும் நானும் மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறோம். பிப்ரவரியில் ஒருவர் வந்து சரக்கிருப்பு மென்பொருள் ஒன்றைக் காட்டினார். 30 நாள் இலவசக் கணக்கும் திறந்து கொடுத்தார். எங்களுக்கு ஒத்துவரவில்லை. முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனமில்லாமல், "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். அதிலிருந்து வாரம் தவறாமல் வாட்ஸ்அப், மின்னஞ்சல். நான் எடுப்பதில்லை என்பதால் இப்போது அலுவலக எண்ணுக்கு அழைக்கிறார். அப்பா எடுத்து, நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறார். மென்பொருள் விற்க வந்தவர் மரியாதையான தமிழ்ப் பையன், அவர் மனம் நோகக் கூடாது. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்சி பட்டியலில் எண்ணைப் பதிந்தால் போதுமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அப்பா "சமாளித்துக்கொள்கிறார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் சொல்லத் தயங்கிய ஒரு "வேண்டாம்" இருக்கிறதே, அதற்காக அந்த வயதில் அவர் வாரம் ஒரு பொய் சொல்கிறார். நீங்களோ பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யாரோ ஒரு பையனின் மனம் நோகக் கூடாது என்று பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, பெற்றவரின் சங்கடம் கண்ணில் படவில்லை. இன்றிலிருந்து அந்தத் தொலைபேசியை நீங்களே எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. "தீபாவளி முடியட்டும்" என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தது நீங்கள். விற்பனைப் பிரிவில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் எதிரே ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். வாங்கிவிட்டார், வாங்கப் போவதில்லை, பிறகு பார்க்கலாம் என்கிறார், இப்படி. மூன்றாவது பட்டியலில் உள்ளவரை விட்டுவிட விற்பனையாளருக்கு உரிமையே கிடையாது. "அவரிடம் பேசினாயா?" என்று மேலாளர் வாராந்தரக் கூட்டத்தில் கேட்பார். உங்கள் பெயரை இரண்டாவது பட்டியலுக்கு நகர்த்த அவருக்கு உங்களிடமிருந்து தெளிவான ஒரு வரி வேண்டும். அது கிடைத்தால், உங்களைத் துரத்தும் நேரத்தில் வாங்கக்கூடிய இன்னொருவரைப் போய்ப் பார்ப்பார். கமிஷனை நம்பி வேலை செய்யும் பிள்ளைக்கு நீங்கள் காட்டக்கூடிய மரியாதை அதுதான்.

டிஎன்சி உங்களுக்கு உதவாது. 2014 முதல் சிங்கப்பூரில் நடப்பிலிருக்கும் அந்தப் பதிவேடு, தனிமனிதராக உங்களுக்கு வரும் விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் தடுக்க உருவானது. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் தேவைக்காக அனுப்பும் விற்பனைச் செய்திக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் சொந்தக் கைப்பேசிக்கு வந்தாலும், பேச்சு கம்பெனிச் சரக்கைப் பற்றியது என்றால் அதே கதைதான். மின்னஞ்சலுக்கு வேறு சட்டம் இருக்கிறது. ஆனால் அது மொத்தமாக அனுப்பும் விளம்பரங்களுக்கு மட்டும். அடியில் விலகல் இணைப்போடு வரும் அந்த ரகக் கடிதங்களில் அதை அழுத்தினால், 10 வேலை நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி அவர் தனியாகத் தட்டி அனுப்புவது அதில் அடங்காது. ஆக, நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

மின்னஞ்சலில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது அவர் கைப்பேசியோடு நின்றுவிடலாம், நிறுவனத்தின் பதிவுக்குப் போகாமலே இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நேரில் வந்து மென்பொருளைக் காட்டியதற்கு நன்றி. அதை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள், அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தின் பெயர், என் கைப்பேசி எண், அலுவலக எண், இந்த மின்னஞ்சல் முகவரி நான்கையும் 'இனி தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று உங்கள் பதிவில் குறித்துவிடுங்கள். இலவசக் கணக்கை மூடி, அதில் நாங்கள் ஏற்றிய தகவல்களை அழித்துவிட்டு ஒரு வரி தெரிவியுங்கள்."

இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். முக்கியமாகக் காரணம் சொல்லாதீர்கள். விலை அதிகம் என்றால் தள்ளுபடி வரும். இப்போது வேறொன்று பயன்படுத்துகிறோம் என்றால், அதன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பார். அப்பாதான் முடிவெடுக்க வேண்டும் என்றால், அடுத்த அழைப்பு நேரே அப்பாவுக்கு. நம்மவர்கள் பழக்கதோஷத்தில் கடைசியில் "தேவைப்பட்டால் நாங்களே அழைக்கிறோம்" என்று சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு வரி போதும், பெயர் மறுபடி மூன்றாவது பட்டியலுக்குப் போய்விடும்.

"நீக்கிவிடுங்கள்" என்று எழுதாமல் "குறித்துவிடுங்கள்" என்று எழுதச் சொன்னதைக் கவனியுங்கள். பெயரை அடியோடு நீக்கினால், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து அழியும். அடுத்த வர்த்தகக் கண்காட்சியில் உங்கள் பெயரட்டை அவர்கள் கைக்குப் போனால் புது வாடிக்கையாளராக மறுபடி தொடங்குவார்கள். குறித்து வைத்தால் அது அங்கேயே நின்று தடுக்கும். கணக்கில் ஏற்றிய சரக்குப் பட்டியலும் விலையும் வேறு விஷயம், அவற்றை அழிக்கத்தான் வேண்டும். 30 நாள் முடிந்தாலும் அவை தாமாக மறைந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மொத்த வியாபாரிக்கு விலைப்பட்டியலைவிட ரகசியம் வேறென்ன?

அனுப்பிய இரண்டு மூன்று நாளில் மறுபடியும் ஒரு மின்னஞ்சல் வந்தால் கொதித்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட தொடர் செய்திகளை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் போய் நிறுத்தும்வரை தானாகப் போய்க்கொண்டிருக்கும். பத்து நாள் பொறுங்கள். இடையில் "ஒரே ஒரு கேள்வி, எங்கே குறை வைத்தோம்?" என்று கேட்டாலும், மென்பொருள் வாங்கக் கிடைக்கும் அரசு மானியம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினாலும் பதில் வேண்டாம். பதில் எதுவானாலும் பேச்சு தொடர்கிறது என்றுதான் கணக்கில் ஏறும். மானியம் உண்மையில் முடிகிறதா என்பதை நீங்களே அரசு இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து நாளுக்குப் பிறகும் நிற்காவிட்டால், அதே மின்னஞ்சலின் மேலேயே, "கீழுள்ள கோரிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இன்றே நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதி, இம்முறை அவருடைய மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முதல் கடிதத்திலேயே மேலாளரைச் சேர்ப்பது அநியாயம். நீங்கள் குழப்பியதற்கு அந்தப் பிள்ளை திட்டு வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகும் வந்தால் அவர் எண்ணை முடக்கிவிடலாம். குற்ற உணர்ச்சியே வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் இல்லாத நேரம் அலுவலகத்துக்கு அழைப்பு வந்து அப்பா எடுக்க நேர்ந்தால், அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வாங்குவதில்லை என்று மகன் எழுதி அனுப்பிவிட்டான் தம்பி. இனி அழைக்க வேண்டாம், வைக்கிறேன்." அது உண்மையாக இருக்க வேண்டுமானால் கடிதம் முதலில் போயிருக்க வேண்டும். இன்றே அனுப்பிவிட்டு, அனுப்பியதை அவரிடம் காட்டுங்கள். இத்தனை மாதம் உங்களுக்காகப் பொய் சொன்னவரிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

அந்தக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். சில மாதம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து வேறொருவர் "என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாமா?" என்று தொடங்குவார். புதிதாக எதுவும் எழுதாமல் பழைய கடிதத்தையே அவருக்கு அனுப்பிவையுங்கள்.