வளைகாப்பு: முதல் வளையல் யார் கையால்?

கும்பகோணம் பக்கத்தில் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பல வளைகாப்புகளை முன்னின்று நடத்திய ஓர் அத்தையிடம் கேட்டவை.

மருமகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பும் சீமந்தமும் ஒன்றுதானே? எதை முதலில் செய்வது?
— திருச்சி மாமியார்

எங்கள் பக்கம் நிறைய பேர் இரண்டையும் ஒரே பெயராகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒன்றில்லை. சீமந்தம் என்றால் வகிடு. புரோகிதரை வைத்து, கணவர் முள்ளம்பன்றி முள்ளால் மனைவிக்கு வகிடு எடுக்கிற வைதீகச் சடங்கு அது. பிராமணர் வீடுகளில் வளைகாப்பைக் காலையில் முடித்துவிட்டு அன்றைக்கே சீமந்தமும் வைப்பதுண்டு. வளைகாப்புக்குப் புரோகிதர் தேவையில்லை, அது முழுக்கப் பெண்கள் நடத்துகிற காரியம்.

வரிசை இதுதான். மனை போட்டு, கோலமிட்டு, கிழக்குப் பார்த்து உட்கார வையுங்கள். ஏழு மாதத்தில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது என்று பெண் சொன்னால் நாற்காலி போடுங்கள், தப்பே இல்லை. கன்னத்திலும் கையிலும் சந்தனம், நெற்றியில் குங்குமம், தலையில் பூ. பிறகு வேப்பங்கொழுந்துக் குச்சியை வளைத்து நூலால் கட்டிய காப்பு கையில் ஏறும். அதன் மேல் வெள்ளியோ தங்கமோ வீட்டு வசதிப்படி ஒன்று. கடைசியாகத்தான் கண்ணாடி வளையல். வேப்பிலைக் காப்பை மட்டும் அன்று காலையில் கட்டுங்கள். முதல் நாளே கட்டி வைத்தால் இலை வாடி உதிர்ந்துவிடும். எல்லாரும் அணிவித்து, அட்சதை போட்டு, ஆரத்தி எடுத்த பிறகு சாப்பாடு. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலந்த சாதங்கள். தாய் வீட்டார்தான் செய்து கொண்டு வருவார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால், பொங்கலை ஒரு வாய் ஊட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை டஜன் வளையல் வாங்க வேண்டும்? கடையில் சைஸ் கேட்டார்கள், தெரியாமல் விழித்தேன்.
— நாத்தனார், சேலம்

கணக்குப் போட்டே சொல்கிறேன். போன மாதம் நாங்கள் நடத்தியதில் வளையல் போட ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒரு கைக்கு இரண்டு என்று போட்டால் கைக்குப் பதினான்கு, மொத்தம் 28. ஒற்றைப்படையாக வர வேண்டும் என்பார்கள். அதனால் கடைசியில் ஒரு கையில் ஒன்று கூடுதல், ஆக 29. வந்த நாற்பது பெண்களுக்கும் ஆளுக்கு நான்கு வீதம் 160. கூட்டினால் 189, ஏறக்குறைய 16 டஜன். உடைவதற்கும், எதிர்பாராமல் வருகிறவர்களுக்கும் இரண்டு டஜன் சேர்த்து 18 வாங்கினோம்.

சைஸ் 2.4, 2.6, 2.8 என்றுதான் கேட்பார்கள். 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும். அதாவது இரண்டேகால் அங்குலம், குறுக்களவு. 2.8 இரண்டரை அங்குலம். வழக்கமாகப் போடுகிற அளவையே வாங்கிவிடாதீர்கள். கடைசி மாதங்களில் கை உப்பியிருக்கும், ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். இன்னொன்று, நிறையப் போடும்போது மேலே போகப் போகக் கை பருமனாகும். முதலில் ஏறுகிற ஐந்தாறு வளையல் முழங்கைப் பக்கம் போய் இறுக்கும். அவற்றுக்கு மட்டும் இன்னும் பெரிய அளவு எடுங்கள்.

எட்டாம் மாதம் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஏழில் பிறந்த குழந்தை தங்கும், எட்டில் பிறந்தது தங்காது. அதனால்தான் ஏழு, ஒன்பது என்று வைத்தார்கள். வளையல் ஓசையைக் குழந்தை கேட்கும் என்பதும் உண்மைதான்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஓசை விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன் ஐயா, ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கும். வளையல் ஓசையால் அதன் புத்தி வளரும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். எட்டு மாதக் கணக்கு சரியில்லை. எட்டில் பிறந்த குழந்தைக்கு ஏழில் பிறந்ததைவிட நுரையீரல் முதிர்ந்திருக்கும், பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். ஒற்றைப்படை மாதம் வழக்கம், அவ்வளவுதான். என் தங்கைக்கு ஏழில் நாள் கிடைக்காமல் ஒன்பதில் செய்தோம். உட்காரவே முடியாமல் பாவம் அரை மணியில் எழுந்துவிட்டாள். ஏழில் முடிந்தால் ஏழிலேயே முடித்துவிடுங்கள்.

என் அப்பா போன வருடம் தவறிவிட்டார். எனக்கு அம்மாதான் முதல் வளையல் போட வேண்டும் என்று ஆசை. மாமியார் வீட்டில் "சுமங்கலிகள்தான்" என்கிறார்கள். என்ன செய்வது அத்தை?
— பெயர் வேண்டாம்

கண்ணு, முதல் வளையல் யார் போடுவது என்பதிலேயே வீட்டுக்கு வீடு வித்தியாசம். சில வீடுகளில் நாத்தனார், சில வீடுகளில் மாமியார், சிலவற்றில் தாய். எங்கும் ஒரே சட்டம் கிடையாது. சுமங்கலிகள்தான் போட வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்கிற பேச்சு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் வளைகாப்பன்று என் அம்மா சமையலறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். புளியோதரை அவர் கிளறியது, வளையல் அவர் வாங்கியது. கூடத்துக்கு மட்டும் வரவில்லை. அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்து என் மகளுக்கு நடந்தபோது, கணவரை இழந்த என் அக்காவைத்தான் முதலில் அழைத்தேன். வந்திருந்த பெரியம்மா ஒருவர் சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார். மகளுக்குச் சுகப்பிரசவம். ஆனால் அதை ஆதாரமாக வைத்து மாமியாரிடம் வாதாடாதே. பிரசவம் வளையல் போட்டவரைப் பார்த்து நடப்பதில்லை.

வளைகாப்பு நாளுக்கு முன்பே மாமியாரிடம் நீ நேரில் பேசு, மாப்பிள்ளையும் கூட இருக்கட்டும். சபையில் வைத்துக் கேட்டால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

அத்தை, பெரியவர்கள் மனசை நோகடித்து ஒரு சடங்கு தேவையா? என் வீட்டில் நான் இதை அனுமதிக்க மாட்டேன்.
— கோவை

உங்கள் வீடு, உங்கள் முடிவு. கதவருகே நிற்கிறவருக்கும் மனசு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளையல் சாத்தினோம். பிரசாதமாகக் கொடுத்ததை எந்தக் கையில் போடுவது?
— விழுப்புரம்

நீங்கள் கேட்பது கோயில் வளைகாப்பு அம்மா. நான் பேசிக்கொண்டிருப்பது வீட்டில் கர்ப்பிணிக்குச் செய்வது. பிரசாத வளையலை எந்தக் கையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு முடிந்து நான்கு நாள். வளையலெல்லாம் இறுகி, கை சிவந்திருக்கிறது. பிரசவம் வரை கழற்றக் கூடாது என்கிறார் பாட்டி. தலைவலியும் இருக்கிறது.
— எட்டு மாதக் கர்ப்பிணி, நாகை

பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ இன்றைக்கே டாக்டரைப் பார். கடைசி மாதங்களில் கை கொஞ்சம் உப்புவது சகஜம். ஆனால் கையோ முகமோ திடீரென வீங்கி, தலைவலியும் சேர்ந்தால், இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். கண் மங்கினாலோ மேல்வயிறு வலித்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே.

வளையலைக் கழற்ற, கையைத் தலைக்கு மேலே ஐந்து நிமிடம் தூக்கி வைத்திரு. பிறகு சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடு. வராததைத் துணி சுற்றி உடைத்துவிடலாம், அபசகுனம் ஒன்றுமில்லை. கண்ணாடி குத்தாமல் வேறு யாராவது உடைக்கட்டும். எப்படியும் பிரசவ அறைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். பாட்டிக்கு மனசு கேட்கவில்லையென்றால், கழற்றியதைச் சிவப்புத் துணியில் முடிந்து சுவாமி அலமாரியில் வைக்கச் சொல்.