கராத்தே முதல் வகுப்பு: மகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

"அக்கா, நாங்கள் டோக்கியோவின் நிஷிகசாய்க்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஏழு வயது மகளை வரும் சனிக்கிழமை கராத்தே வகுப்பில் சேர்க்கிறோம். டோஜோ, கட்டா, கியாய் என்று என்னென்னவோ சொல்கிறார்கள், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் கராத்தே கற்ற என் கணவர் எல்லாவற்றுக்கும் 'ஓஸ்' என்று பதில் சொல்லப் பழக்குகிறார். அவளுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?"

முதலில் அந்த 'ஓஸ்' பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள். தப்பான சொல் இல்லை. கராத்தேயில் பல மரபுகள் உண்டு; அவற்றில் கியோகுஷின் வகுப்புகளிலும் ஷோதோகான் வகுப்புகள் பலவற்றிலும் வணக்கம், சரி, புரிந்தது எல்லாமே 'ஓஸ்'தான். ஆனால் அந்தச் சொல்லே வழங்காத இடங்களும் இங்கே நிறைய உண்டு. அங்கே பிள்ளைகள் பளிச்சென்று "ஹாய்!" என்பார்கள், 'ஆமாம்' என்ற பொருளில். ஹாய் எங்கும் செல்லும். அந்த வகுப்பில் ஓஸ் வழக்கம் என்றால் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து அவளே அரை மணியில் பிடித்துக்கொள்வாள். வீட்டிலேயே பழக்கிவிட்டால், அடுத்த நாள் பள்ளி ஆசிரியையிடமும் 'ஓஸ்' என்று நிற்பாள். அது முரட்டுப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல ஒலிக்கும்.

டோஜோ என்றால் பயிற்சி நடக்கும் இடம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மரத்தரையும் காகித ஜன்னலும் கொண்ட பழைய கூடத்தை அவள் எதிர்பார்க்கக்கூடும். பிள்ளைகள் வகுப்பு பெரும்பாலும் வார்டு விளையாட்டு மையத்திலோ பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோதான் நடக்கும். ஒரு மணி நேரம் முன்பு அதே தரையில் யாராவது பூப்பந்து ஆடியிருப்பார்கள். அதனால் அவளிடம், "நீ வாசலில் நின்று குனிந்து வணங்கி உள்ளே போனதும் அந்த அறை டோஜோ ஆகிவிடும், திரும்பி வரும்போது மறுபடி வணங்கினால் பழையபடி அறைதான்" என்று சொல்லுங்கள். இந்தப் பேச்சு குழந்தைகளுக்கு நன்றாகவே பிடிபடும். செருப்பைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். உள்ளே வெறுங்கால்.

வணக்கத்துக்கு ரெய் என்று பெயர். இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. அவள் இங்கே தொடக்கப் பள்ளிக்குப் போகிறாள் என்றால், பாடம் தொடங்கும்போது அன்று முறை வரும் பிள்ளை எழுந்து "கியோட்சுகே, ரெய்" என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பாள். நேராக நில், வணங்கு. டோஜோவிலும் அதே இரண்டு சொற்கள்தான், மண்டியிட்டு உட்கார்ந்த நிலையில். முன்சுவரை நோக்கி ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, ஒருவருக்கொருவர் ஒன்று என்று வரும். சில இடங்களில் முன்சுவரில் ஒரு சிறு மாடமோ பழைய ஆசிரியர் ஒருவரின் படமோ இருக்கும். தொடக்கத்தில் 'தயவுசெய்து' என்ற பொருளில் "ஒனெகாய்ஷிமாஸ்", முடிவில் 'நன்றி' என்ற பொருளில் "அரிகாதோ கொசாய்மாஷ்தா". வாய் திறந்தால் போதும், மற்றவர்கள் குரலில் இவள் குரல் கலந்துவிடும்.

அவளை உண்மையில் திணறடிக்கக்கூடியது எண்கள். ஆசிரியர் "இச், நி, சன், ஷி" என்று பாதி விழுங்கிச் சொல்வார், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குத்து. பிறகு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து எண்ண வேண்டும் என்பார், இவள் முறையும் வரும். பள்ளியில் கற்ற இச்சி, நி, சன், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹச்சி, கு, ஜூ என்ற வரிசையை மூச்சு விடாமல் சொல்லிப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் என்றால் இது ஒன்றுதான்.

இனி கட்டா. எதிரில் யாரும் இல்லாமல், குறித்த வரிசையில், குறித்த திசைகளில் தடுப்பதும் குத்துவதும்தான் கட்டா. சண்டை போல நினைத்தபடி செய்யக்கூடாது, யார் செய்தாலும் அதே படிதான். ஊரில் நாம் 'கட்டா' என்று அழுத்துகிறோம். இங்கே நாக்கு பல்லைத் தொடும், 'த' ஒலி ஒரே ஒரு முறை வல்லினமாக விழும். இரட்டித்துச் சொன்னால் 'வென்றேன்' அல்லது 'வாங்கினேன்' என்று காதில் விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள். உங்கள் கணவரிடமும் சொல்லிவையுங்கள்.

எந்தக் கட்டாவில் தொடங்குவார்கள் என்பது அந்த வகுப்பின் கராத்தே மரபைப் பொறுத்தது. ஷோதோகான் என்றால் பல இடங்களில் முதலில் வருவது தைக்கியோகு ஷோதான். 20 அசைவுகள், ஆனால் கற்க வேண்டியவை இரண்டே: முன்கையைக் கீழே வீசி உதையைத் தள்ளும் கெதான் பராய், ஓர் எட்டு முன்வைத்துக் குத்தும் ஒய்சுகி. சில இடங்களில் நேராக 21 அசைவுள்ள ஹெய்யான் ஷோதானுக்குப் போவார்கள். கால் போகும் பாதை ஏறத்தாழ ஒன்றேதான்.

அந்தப் பாதையை அவளுக்குக் காட்ட ஒரு சுலபமான வழி உண்டு. கத்தாகானா எழுத்துகள் அவளுக்குத் தெரிந்திருக்குமே, அதில் 'எ' ஒலிக்கான எழுத்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே ஒரு தண்டு. அதைத் தரையில் ஒட்டுநாடாவால் போடுங்கள். கீழ்க்கோட்டின் நடுவில், தண்டைப் பார்த்தபடி அவள் நிற்கட்டும். இடப்பக்கம் திரும்பித் தடுப்பு, ஓர் எட்டு, குத்து. அப்படியே வலம் சுழன்று எதிர்ப்பக்கம் தடுப்பு, குத்து. நான்கு முடிந்தது. பிறகு தண்டை நோக்கித் திரும்பித் தடுப்பு, நேரே மூன்று குத்துகள். எட்டு. இப்போது மேல்கோட்டுக்கு வந்திருப்பாள். அங்கே வலப்பக்கம் தடுப்பு, குத்து, பிறகு இடப்பக்கம் தடுப்பு, குத்து. அடுத்துத் தண்டு வழியே திரும்பிக் கீழே தடுப்பு, மூன்று குத்துகள், கடைசியாகக் கீழ்க்கோட்டின் இரு பக்கமும் தடுப்பும் குத்தும். இருபது.

எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவது ஒன்பதாம் அசைவில்தான். எட்டாவது குத்து முடிந்து வலப்பக்கம் பார்க்க வேண்டும். கால்வாசி வட்டம் வலம் திரும்பினால் போதுமே என்று உடம்பு நினைக்கும். செய்ய வேண்டியதோ முதுகுப்புறமாக இடம் சுற்றி முக்கால் வட்டம். இரண்டு வழியிலும் முகம் ஒரே சுவரைத்தான் பார்க்கும், ஆகவே தவறு கண்ணுக்குத் தெரியாது. கால் காட்டிக்கொடுக்கும்: சரியாகச் சுற்றியிருந்தால் இடக்கால் முன்னால் இருக்கும். வலக்கால் முன்னால் இருந்தால் குறுக்குவழியில் வந்துவிட்டாள் என்று பொருள். பதினேழாவதிலும் இதே சுற்றுதான். இன்னொரு சோதனை, முடியும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறாளா என்பது. போகும் மூன்று எட்டும் வரும் மூன்று எட்டும் ஒரே நீளமாக இருந்தால் நிற்பாள். முதல் நாளிலேயே இதெல்லாம் வராது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். பாதை மனத்தில் இருந்தால் கூட்டத்தோடு தவறான பக்கம் போய் முட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

கியாய் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். கியாய் என்பது அந்தக் கத்தலின் பெயர், கத்த வேண்டிய சொல் அன்று. ஆசிரியர் "கியாய்!" என்றால் இவள் பதிலுக்கு "கியாய்!" என்று கூவக்கூடாது. "ஏய்!", "யா!", "தோ!" என்று எந்த ஒலி வந்தாலும் சரி. மேலே சொன்ன கட்டாவில் அதற்கு இரண்டே இடம்: எட்டாவது குத்து, பதினாறாவது குத்து. ஆசிரியர் பத்துப் பத்தாக எண்ணுவதால் முதல் சுற்றில் 'ஹச்சி', இரண்டாம் சுற்றில் 'ரொக்கு'. இரண்டும் தண்டின் முனையில், மூன்றாவது குத்தில் வரும்.

எப்படிக் கத்துவது? தொப்புளுக்குக் கீழே கைவைத்து ஒருமுறை இருமச் சொல்லுங்கள். கைக்கு அடியில் வயிறு இறுகும் அல்லவா, குத்து முடியும் கணத்தில் அதே இறுக்கத்தோடு மூச்சு வெளியேற வேண்டும், ஒலி அதன் மேல் ஏறி வரும். கையும் குரலும் ஒன்றாக நிற்க வேண்டும். கை நின்ற பிறகும் "யாஆஆ" என்று குரல் இழுத்தால் அது தொண்டையிலிருந்து வருகிறது. தோள் மேலேறுவதும் தாடை தூக்குவதும் அதே அறிகுறிதான். வகுப்பு முடிந்து தொண்டை கரகரத்தால் சந்தேகமே வேண்டாம். வயிற்றிலிருந்து வந்த குரல் குட்டையாக, வெட்டினாற்போல இருக்கும்.

ரயிலில் மெல்லப் பேசு, மாடிப்படியில் ஓடாதே என்று நான்கு மாதமாக நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, திடீரென்று அந்நியர் முன்னால் கத்து என்றால் வாயை மூடிக்கொள்ளும். ஆசிரியர் "கொயே காச்சீசாய்" என்பார், 'குரல் சின்னதாக இருக்கிறது' என்று. அது திட்டு இல்லை, ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் வகுப்புக்கு வகுப்பு கிடைப்பதுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அழாமல் இருப்பாள். ஆனால் வீட்டில் கியாய் பழக்காதீர்கள். நம் அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லியவை, கீழ்வீட்டுக்காரர் நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார். ஒலியில்லாமல் மூச்சை மட்டும் 'ஹ' என்று விட்டுப் பழகினாலே வயிறு கற்றுக்கொள்ளும்.

இன்னும் ஒரே ஒரு சொல், 'யமே'. நிறுத்து. கை பாதி தூரம் போயிருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். இருவராக நின்று பழகும்போது இது காதில் விழாமல் போனால்தான் அடிபடும். மற்ற ஆணைகளைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்துகொள்ளலாம், இதற்கு மட்டும் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அவள் ஓடி விளையாடும்போது நடுவே "யமே!" என்று சொல்லிச் சிலை போல நிற்க வைத்துப் பாருங்கள்.

சீருடை இப்போதே வாங்க வேண்டாம். சோதனை வகுப்புக்குப் பள்ளி விளையாட்டு உடை போதும், சேர்ந்த பிறகு அவர்களே அளவெடுத்துச் சொல்வார்கள். கால் நகங்களை வெட்டி விடுங்கள். கொலுசு, வளையல், தோடு மூன்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தோடு கழலாத காதென்றால் ஆசிரியரிடம் வகுப்புக்கு முன்பே காட்டிவிடுங்கள், மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொல்வார்.