புத்தகத்தில் 100, ஊட்டியில் 93: பனிக்கட்டி நீராவியாகும் கணக்கு – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கணக்கைச் சுற்றியே வந்திருக்கின்றன. ஆகவே பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 50 கிராம் பனிக்கட்டி, மைனஸ் 10 டிகிரியில் தொடங்கி 110 டிகிரி நீராவியாக முடிகிறது. ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏற்ற பனிக்கட்டிக்கு 2.1 ஜூல், தண்ணீருக்கு 4.2, நீராவிக்கு 2.0 வேண்டும். ஒரு கிராம் உருக 334 ஜூல். 100 டிகிரியில் ஒரு கிராம் ஆவியாக 2,260 ஜூல்.

மொத்தம் 120 டிகிரி ஏறுகிறது என்று 50 × 4.2 × 120 போட்டேன். 25,200 ஜூல் வந்தது. விடையில் 1,52,750 என்று இருக்கிறது. ஆறு மடங்கு எப்படித் தப்பும்?
– பிளஸ் ஒன் மாணவி, குன்னூர்

நீங்கள் போட்டது தண்ணீர் மட்டும் சூடாகிற கணக்கு. தண்ணீர் தண்ணீராக இருப்பது 0-லிருந்து 100 வரைதான். அதற்குக் கீழே பனிக்கட்டி, மேலே நீராவி; இரண்டுக்கும் தன்வெப்பம் வேறு, ஏறத்தாழப் பாதி. ஆனால் விடை இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் அதுவல்ல. தெர்மாமீட்டர் நகராமல் நிற்கிற இரண்டு இடங்களை விட்டுவிட்டீர்கள். வெப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

வரிசையாகப் போடுங்கள். பனிக்கட்டி மைனஸ் 10-லிருந்து 0 வர 50 × 2.1 × 10 = 1,050 ஜூல். 0 டிகிரியிலேயே முழுதும் உருக 50 × 334 = 16,700. உருகிய தண்ணீர் 0-லிருந்து 100 ஏற 50 × 4.2 × 100 = 21,000. 100-லேயே கொதித்து ஆவியாக 50 × 2,260 = 1,13,000. ஆவி 110 வரை ஏற 50 × 2.0 × 10 = 1,000. கூட்டினால் 1,52,750.

வெப்பநிலை மாறுகிற படிக்கு mcΔT, மாறாத படிக்கு mL. ஒரே படியில் இரண்டையும் போடுகிற சூழ்நிலை வரவே வராது. கொதிக்கிற படிக்கு ΔT என்ன என்று தேடுகிறீர்கள் என்றால் சூத்திரம் மாறிப்போயிற்று என்று அர்த்தம்.

ஐந்தாவது படியில் இன்னொன்றும் உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் மிச்சமிருக்கும்வரை ஆவி கொதிநிலைக்கு மேல் சூடாகாது. ஆவியைத் தண்ணீரிலிருந்து பிரித்து, தனிக் குழாயில் சூடேற்றினால்தான் 110. கெட்டில் மூக்குக்கு முன்னால் வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஆவியே இல்லை, குளிர்ந்து துளியான தண்ணீர். மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே ஒன்றும் இல்லாததுபோல் ஒரு சிறிய இடைவெளி இருக்கும். நீராவி அங்கே இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 93-க்கு மேல் நகரவில்லை. மாற்றித்தரச் சொல்லிக் கடைக்குத் திருப்பி அனுப்பலாமா?
– ஆய்வக உதவியாளர், ஊட்டி

அவசரப்படாதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 77, 78 கிலோபாஸ்கல், கடற்கரையில் 101. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். உங்கள் ஊருக்குச் சுமார் 93 டிகிரிதான் சரி. 100 காட்டியிருந்தால்தான் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

உறுதிசெய்துகொள்ள பனிக்கட்டியைப் பொடித்துத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, குமிழ் நன்றாகப் புதைய வைத்துக் கலக்கிவிட்டுப் பாருங்கள். உருகுநிலையை அழுத்தம் அசைக்காது என்றே சொல்லலாம். ஊட்டி உயரத்துக்கு மாற்றம் ஒரு டிகிரியில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆக அங்கே 0 காட்ட வேண்டும். கொதிநிலை பார்க்கும்போது குமிழைப் பாத்திரத்தின் அடியில் முட்டவிடாமல், தண்ணீருக்குச் சற்று மேலே ஆவியில் நிறுத்துங்கள். 0-மும் 93-மும் வந்தால் தெர்மாமீட்டரில் குறையில்லை. பனிக்கட்டியில் 2, ஆவியில் 95 என்று வந்தால் அளவுகோல் 2 டிகிரி தள்ளியிருக்கிறது. கழித்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

அப்படியானால் மலையில் 100 வரை ஏற்ற வேண்டியதில்லை. மொத்த வெப்பமும் குறைய வேண்டுமே? பிள்ளைகளுக்கு எந்த எண்ணைச் சொல்லிக்கொடுப்பது?
– டியூஷன் ஆசிரியர், கொடைக்கானல்

கொடைக்கானலிலும் கொதிநிலை ஏறக்குறைய 93 டிகிரியே. அதே 50 கிராமை அங்கே போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு படிகளில் மாற்றமில்லை: 1,050, 16,700. மூன்றாவது படி 50 × 4.2 × 93 = 19,530. இங்கே 1,470 ஜூல் மிச்சம், உங்கள் கணிப்பு சரி.

நான்காவது படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2,260 என்பது 100 டிகிரிக்கு உரிய எண். கொதிநிலை இறங்கினால் உள்ளுறை வெப்பம் சற்று ஏறும். 93 டிகிரியில் அது 2,275 ஜூல். 50 × 2,275 = 1,13,750. ஐந்தாவது படியும் நீள்கிறது: ஆவி 93-லிருந்து 110 ஏற வேண்டும், 50 × 2.0 × 17 = 1,700.

கூட்டிப் பாருங்கள்: 1,52,730. கடற்கரைக் கணக்குக்கும் இதற்கும் 20 ஜூல்தான் வித்தியாசம். அதுவும் எண்களை முழுமையாக்கியதால் வந்தது. மூன்றாவது படியில் மிச்சமானதை நான்காவதும் ஐந்தாவதும் வாங்கிக்கொண்டன.

இது தற்செயல் அல்ல. தொடங்குவது அதே பனிக்கட்டி, முடிவது அதே 110 டிகிரி ஆவி. இந்த அழுத்தங்களில் ஆவியின் ஆற்றல் அழுத்தத்தால் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே எந்த டிகிரியில் ஆவியாக மாறினாலும் மொத்தம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வர வேண்டும். 93-க்கும் 100-க்கும் நடுவே உள்ள 7 டிகிரியைக் கடற்கரையில் தண்ணீராக ஏறுகிறோம், டிகிரிக்கு 4.2. மலையில் ஆவியாக ஏறுகிறோம், டிகிரிக்கு 2.0. வித்தியாசம் 2.2, ஏழால் பெருக்கினால் 15.4. அந்த 15-தான் 2,260-ஐ 2,275 ஆக்கியது. அட்டவணை கையில் இல்லாதபோதும் இப்படியே போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வுத்தாளில் ஊரோ அழுத்தமோ சொல்லாவிட்டால் 100-மும் 2,260-மும் போடச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் அளந்த கணக்கென்றால் 93-மும் 2,275-மும். 93-ஐ 2,260-ஓடு சேர்த்தால் 750 ஜூல் குறையும், அரை சதவீதம்தான். பள்ளி ஆய்வகத்தில் பக்கவாட்டில் ஓடிப்போகிற வெப்பம் அதைவிடப் பல மடங்கு. அதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

அதே பனிக்கட்டிக்கு 60,000 ஜூல் மட்டும் கொடுத்தால் வெப்பநிலை என்ன? எனக்கு 201 டிகிரித் தண்ணீர் என்று வருகிறது.
– மாணவர், கோத்தகிரி

விடை உங்களுக்கே உறுத்தியிருக்கிறது, நல்லது. முன்னோக்கிய கணக்கில் எல்லாப் படியையும் கூட்டினோம். இதில் கையிருப்பிலிருந்து ஒவ்வொரு படியாகச் செலவழிக்க வேண்டும். அடுத்த படிக்குப் போகுமுன் அது முழுதும் முடிய கையிருப்பு போதுமா என்று பார்க்க வேண்டும். நீங்கள் உருகியபின் மிஞ்சிய 42,250-ஐ 210-ஆல் வகுத்துவிட்டு, 100-ல் நிற்காமல் தாண்டிவிட்டீர்கள்.

தண்ணீர் 100-க்கு வரும்வரை செலவு 1,050 + 16,700 + 21,000 = 38,750. மிச்சம் 21,250. முழுதும் ஆவியாக 1,13,000 வேண்டும், போதாது. ஆகவே வெப்பநிலை 100-லேயே நிற்கும், கேள்வி “எத்தனை டிகிரி” என்பதிலிருந்து “எத்தனை கிராம்” என்று மாறிவிடும். 21,250 ÷ 2,260 = 9.4 கிராம் ஆவி, மிச்சம் 40.6 கிராம் கொதிநீர். ஊட்டி எண்களைப் போட்டால் 10 கிராம் ஆவியும் 93 டிகிரியில் 40 கிராம் தண்ணீரும் வரும்.

இயற்பியலில் 334, வேதியியலில் 6.01. எது சரி?
– பிளஸ் டூ மாணவர், கூடலூர்

இரண்டும் ஒன்றே. முன்னது கிராமுக்கு ஜூல், பின்னது மோலுக்குக் கிலோஜூல். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். 334 × 18 சுமார் 6,010. ஆவியாவதற்கு 40.7. தப்பு நடப்பது கூட்டும்போது: சூடேறும் படிகள் ஜூலில், உருகும் படி கிலோஜூலில் இருக்க, 1,050 + 16.7 என்று கூட்டிவிடுவார்கள். எழுதி முடித்ததும் கொதிக்கும் படி மொத்தத்தில் முக்கால் பங்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அலகு எங்கோ சறுக்கியிருக்கிறது.

வரைபடத்தில் உருகும் பகுதி படுக்கைக் கோடாக வரவில்லை. 1, 3, 6 என்று ஏறிக்கொண்டே போகிறது. பனிக்கட்டி இன்னும் மிதக்கிறதே?
– அறிவியல் ஆசிரியை, கொடைக்கானல்

கலக்கவில்லை, அல்லது கட்டி பெரிது. பெரிய கட்டிகள் மேலே மிதக்க, அடுப்புப் பக்கமிருக்கும் தண்ணீர் அடியில் தனியே சூடாகிறது. குமிழ் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. கட்டியை நன்றாகப் பொடியுங்கள், தீயைக் குறையுங்கள், குச்சியால் விடாமல் கலக்குங்கள். குமிழ் அடியைத் தொடவேண்டாம்.

கோடு எவ்வளவு நீளம் வர வேண்டும் என்பதையும் முன்பே போட்டு வையுங்கள். அடுப்பிலிருந்து வினாடிக்கு 100 ஜூல் உள்ளே போகிறது என்றால், மலைக் கணக்குப்படி பனிக்கட்டி சூடேற 10 வினாடி, உருக 167, தண்ணீர் சூடேற 195, கொதித்து வற்ற 1,137 வினாடி, அதாவது 19 நிமிடம். பிள்ளைகள் இரண்டு படுக்கைக் கோடுகளையும் சம நீளமாக வரைவது வழக்கம். உண்மையில் ஒன்று மற்றொன்றைப் போல ஏழு மடங்கு. சாய்கோடுகளில் தண்ணீரின் கோடுதான் படுத்தாற்போல் இருக்க வேண்டும். பனிக்கட்டியும் ஆவியும் அதைப்போல இரண்டு மடங்கு செங்குத்தாக ஏறும்.

தலைக்குந்தா பக்கம் ஜனவரிக் காலையில் புல்மேல் உறைபனி சில இடங்களில் ஈரமே தெரியாமல் மறைகிறது. நேரே ஆவியாகப் போகும் கிராமுக்கு 334 + 2,260 என்று எடுக்கலாமா?
– தேயிலை விவசாயி, ஊட்டி

கூட்டுகிற யோசனை சரி, எண் சரியில்லை. 2,260 என்பது 100 டிகிரியில் கொதிப்பதற்கு. உறைபனி 0 டிகிரியை ஒட்டிப் போகிறது. அங்கே தண்ணீர் ஆவியாகக் கிராமுக்கு சுமார் 2,500 ஜூல் வேண்டும். கொடைக்கானல் ஆசிரியருக்குச் சொன்ன அதே காரணம்தான், 7 டிகிரிக்குப் பதில் 100 டிகிரி இறக்கம். ஆகவே 334 + 2,500, ஏறத்தாழ 2,835. உருகி ஈரமாகிப் பிறகு அதே 0 டிகிரியில் காய்ந்தாலும், உருகாமலே போனாலும் இந்த எண் மாறாது. புல்லில் 10 கிராம் உறைபனி இருந்தால் உருகி நிற்க 3,340 ஜூல் போதும். முழுதும் காற்றில் கலக்க 28,350 ஜூல் வேண்டும். வெயில் பட்டதும் பெரும்பாலான இடங்களில் முதலில் புல் நனைந்து நிற்பது இதனால்தான். ஈரம் தெரியாமல் மறைவது காற்று வறண்டு, வீசிக்கொண்டும் இருக்கிற மேடுகளில்.