மூன்றாம் வகுப்புக்கு 35 நிமிட யோகா: வரிசையை எப்படி அமைப்பது?

"வணக்கம் அம்மா. அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், 35 நிமிடம், 28 பிள்ளைகளுக்கு யோகா நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். நானே கொஞ்சம்தான் கற்றிருக்கிறேன். எந்த ஆசனங்களைப் பயமில்லாமல் செய்யவைக்கலாம்? மூச்சுப் பயிற்சி வேண்டுமா? போன வாரம் கடைசியில் சவாசனத்தில் படுக்கவைத்தேன், ஒரே சிரிப்பும் கூச்சலுமாகப் போய்விட்டது."

டீச்சர், சவாசனம் குலைந்ததற்குப் பெரும்பாலும் அதற்கு முந்தைய பதினைந்து நிமிடங்கள்தான் காரணமாக இருக்கும். நின்று குதித்துக்கொண்டிருந்த பிள்ளையை அடுத்த நொடியே மல்லாந்து படுக்கச் சொன்னால் அதற்குச் சிரிப்புதான் வரும். அதனால் வகுப்பை நின்ற நிலையில் தொடங்கி, முட்டி போட்டு, குப்புறப் படுத்து, உட்கார்ந்து, கடைசியில் மல்லாந்து படுப்பது என்று படிப்படியாகத் தரைக்கு இறக்குங்கள். ஒருமுறை தரைக்கு வந்த பிறகு மறுபடி எழுப்பாதீர்கள்.

கடைசிப் பாடவேளை ஒரு விதத்தில் நல்லது. மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலை முதல் பாடவேளைக்கு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியிலேயே காலை உணவு சாப்பிட்டு வந்த பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்தால் சிலருக்கு வாந்தி வரலாம்.

முதலில் இடம். மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அடுத்த பிள்ளைமேல் படாத அளவுக்கு நிறுத்துங்கள். இடம் போதவில்லையென்றால் வராந்தாவுக்குப் போய்விடலாம். நின்று செய்வதெல்லாம் வெறுங்காலில், வெறுந்தரையில். சிமெண்டுத் தரையில் விரித்த ஜமக்காளம் காலடியில் வழுக்கும், அதை உட்காரும்போது விரித்தால் போதும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, குடலிறக்கம், சமீபத்தில் எலும்பு முறிவு, அடிக்கடி மயக்கம் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுக் குறித்துவையுங்கள். இருந்தால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் ஏழெட்டு நிமிடம் மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் என்று மூட்டுகளை அசைப்பது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம்; வலம், இடம், கீழே பார்ப்பதோடு நிறுத்துங்கள். அடுத்து தாடாசனம்: கைகளை மேலே நீட்டிக் குதிகாலைத் தூக்கி, ஐந்து எண்ணும் வரை. பிறகு ஒற்றைக் காலில் நிற்கும் மர ஆசனம். இதில் பாதத்தை முழங்காலின் பக்கவாட்டில் அழுத்தக் கூடாது. கெண்டைக்காலில் வைக்கலாம், அல்லது கட்டைவிரல் தரையில் இருக்க, குதிகாலை மட்டும் மறுகாலில் சாய்க்கலாம். தடுமாறும் பிள்ளை சுவரைத் தொட்டுக்கொள்ளட்டும்.

தரைக்கு வந்ததும் பூனை ஆசனம்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்து, கீழே தாழ்த்துவது, நான்கைந்து முறை. அதில் முழங்கையைப் பின்பக்கமாக வளைத்துப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். "முழங்கையைக் கொஞ்சம் மடக்கு" என்று சொல்லுங்கள். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி மார்பைத் தூக்கும் புஜங்காசனத்தில் தொப்புள் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கை மடங்கியே இருக்கட்டும். அதன் பிறகு குதிகால்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் சசாங்காசனம். அப்புறம் உட்கார்ந்து பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களை விரிக்கும் பட்டாம்பூச்சி. பாவாடை அணிந்த பெண் பிள்ளைகள் பட்டாம்பூச்சிக்குக் கூச்சப்படுவார்கள். கால் நீட்டி, முழங்காலை லேசாக மடக்கி முன்னே குனிவதை அவர்களுக்குக் கொடுங்கள். இவ்வளவு போதும்.

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், சக்கராசனம் நான்கும் வேண்டாம். முதல் மூன்றில் உடம்பின் பாரம் தலையிலோ கழுத்திலோ இறங்குகிறது, நான்காவதில் மணிக்கட்டில். ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கலாம், 28 பேருக்கு முடியாது. "என் பையன் வீட்டில் செய்கிறானே" என்று யாராவது சொன்னாலும் வகுப்பில் வேண்டாம்.

குனியும் பிள்ளையின் முதுகை அழுத்துவதும், பட்டாம்பூச்சியில் முழங்காலை அமுக்குவதும் கூடவே கூடாது. இந்த வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. உடம்பு நன்றாக வளைகிறது என்பதால் அது தாங்கும் என்று ஆகிவிடாது. செய்து காட்டுங்கள், சொல்லுங்கள், தொடாமலே திருத்துங்கள். தொடையின் பின்புறம் இழுக்கிறது என்றால் பரவாயில்லை. மூட்டிலோ முதுகெலும்பிலோ குத்துகிறது என்றால் உடனே விடச் சொல்லுங்கள். ஆசனத்தில் நிற்கும்போது எண்களை அவர்களையே வாய்விட்டு எண்ணச் சொல்வது நல்ல உத்தி. எண்ணுகிற பிள்ளையால் மூச்சைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. எண்ணாமல் முகம் சிவந்து நிற்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

இப்போது மூச்சு. பெரியவர்களுக்கான கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. எட்டு வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 முறை மூச்சு விடுகிறது, அதாவது ஒரு மூச்சுக்கு மூன்று நொடி. நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடச் சொன்னால் ஒரு மூச்சு பன்னிரண்டு நொடி ஆகிவிடும். பிள்ளை பாதியிலேயே திணறி, அடுத்த மூச்சை வாயால் இழுக்கும். இரண்டு எண்ணி இழுத்து, மூன்று எண்ணி விடுவதில் தொடங்குங்கள். சில வாரம் கழித்து மூன்றும் நான்கும். நடுவில் நிறுத்திவைப்பது வேண்டாம். கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பிள்ளை பயந்துவிடும்.

மூன்றாம் வகுப்புக்கு எனக்குப் பிடித்தது, வண்டு மாதிரி முனகிக்கொண்டே மூச்சை விடும் பிரமரிதான். எண்ணிக்கையே தேவையில்லை, முனகும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது. காதை அடைக்காமல், உதட்டை மட்டும் மூடி, ஐந்து முறை. சளியால் மூக்கு அடைத்த பிள்ளைக்கு அது வராது. அந்தப் பிள்ளை "ஸ்ஸ்ஸ்" என்று மெதுவாக விடட்டும். இருமலோ இளைப்போ வந்தால் நிறுத்தி உட்காரவையுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் பள்ளிப் பையில் இருக்கிறதா என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்குங்கள். பிரமரி முடிந்ததும் நேரே மல்லாந்து படுக்கவைக்காமல், மகராசனத்தில் ஒரு நிமிடம்: குப்புறப் படுத்து, கைகளை மடக்கி அதன்மேல் தலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாததால் பாதிச் சிரிப்பு அங்கேயே அடங்கும். பிறகு மல்லாந்து திரும்பி, வயிற்றின்மேல் ஒரு நோட்டுப் புத்தகம். "அது ஏறி இறங்குகிறதா பார்" என்றால் செய்ய ஒரு வேலை கிடைத்துவிடும். கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள், மூடப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. படுக்கவே கூச்சப்படுகிறவர் சுவரில் சாய்ந்து உட்காரலாம். யாராவது சிரித்தால் திட்டாமல், உங்கள் குரலை இன்னும் தணித்து "புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த வயதுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். ஐந்து நிமிடம் படுக்கவைத்தால் நெளிய ஆரம்பிப்பார்கள், சிலர் தூங்கியும் விடுவார்கள்.

எழுப்புவதற்குக் கை தட்ட வேண்டாம். விரல்களை அசைக்கச் சொல்லி, ஒரு பக்கம் திரும்பிப் படுத்து, கையை ஊன்றி உட்காரட்டும். படுத்தவர் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும் என்பதால் அரை நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்து, பிறகு வரிசை வரிசையாக எழலாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே வரிசைதான், ஓர் ஆசனத்தை மட்டும் மாற்றுங்கள்.