ஹேவன்ட் யூ, டோன்ட் யூ: எது சரி?

"‘யூ ஹேவ் எ மீட்டிங் டுடே, ஹேவன்ட் யூ?’ என்று எழுதினேன். மேலதிகாரி டோன்ட் யூ என்று திருத்தினார். ஏன்? குரலை ஏற்றுவதா, இறக்குவதா?"

டோன்ட் யூ தான் சரி. உங்கள் வாக்கியத்தில் ஹேவ் முதன்மை வினை, துணைவினை இல்லை. அதனால் டூ உள்ளே வருகிறது. ‘யூ ஹேவ் சென்ட் இட்’ என்றால் ஹேவ் துணைவினை. அங்கே ஹேவன்ட் யூ வரும்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள். ‘டூ யூ ஹேவ் எ மீட்டிங்?’ என்றுதானே கேட்பீர்கள்? முதலில் வரும் சொல்தான் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் கேள்வி வாலுக்கும். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘தானே’ போதும்; கொழும்பில் நாம் எதற்கும் ‘நோ?’ அல்லது ‘இஸின்ட் இட்?’ ஒட்டுவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் குரல். புறக்கோட்டையில் பஸ் நடத்துநரிடம் ‘திஸ் கோஸ் டு வெள்ளவத்தை, டஸின்ட் இட்?’ என்கிறீர்கள். உண்மையிலேயே தெரியாது, எனவே ஏற்றுங்கள். பலகையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் அதையே சொன்னால் இறக்குங்கள். ‘ஆமாம்’ மட்டும்தான் எதிர்பார்க்கிறீர்கள். மீட்டிங் இருப்பது உறுதி என்றால் உங்கள் வாக்கியமும் இறங்கித்தான் முடிய வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: ‘யூ ஹேவ் காட் எ மீட்டிங்’ என்றால் ஹேவன்ட் யூ தான். பழைய பிரித்தானிய நடையில் காட் இல்லாமலும் அது வருவதுண்டு. அலுவலகக் கடிதத்தில் டோன்ட் யூ போதும்.