நோயாளி அறையில் ஏசி, ஃபேன்: கேள்வி-பதில்

கேள்வி: ஃபேனுக்கு நேராகப் படுத்தால் சளி பிடிக்குமா? வீட்டில் தினமும் இதே சண்டை.

பிடிக்காது. சளிக்குக் காரணம் வைரஸ். அது இன்னொருவரின் மூச்சிலிருந்தோ கையிலிருந்தோதான் வர வேண்டும். முகத்துக்கு நேராக இரவெல்லாம் காற்றடித்தால் மூக்கும் தொண்டையும் காய்ந்து, காலையில் கரகரப்பு இருக்கும். ஃபேனைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள், சண்டை முடிந்தது.

கேள்வி: ஏசியில் தூங்கி எழுந்தால் தும்மலும் மூக்கடைப்பும். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, ஃபில்டரைக் கழற்றியதில்லை. சளிதானே இது?

அறையைவிட்டு வெளியே வந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக விட்டுவிட்டால் அது பெரும்பாலும் சளியாக இருக்காது. தூசியும் பூஞ்சையும் செய்கிற வேலை. சளி என்றால் எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும், சில நாட்களாவது இருக்கும்.

மூன்று வருடம் கழற்றவில்லை என்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்! அந்த வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினால்தான் தூசி வெளியே வரும். வெயிலில் காயவைத்தால் சட்டம் வளையும், நிழலில் உலர்த்துங்கள். கழுவிய பிறகும் ஈரத்துணி வாடை வந்தால் உள்ளே காயிலிலும் தண்ணீர்த் தட்டிலும் பூஞ்சை இருக்கிறது. அதற்குச் சர்வீஸ்காரர்தான் வர வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு ஃப்ளூ. "உள்ளே சுத்தமான காற்று வரும்" என்று கடையில் சொன்னதால் அவர் அறைக்கு ஸ்ப்ளிட் ஏசி போட்டு, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டோம். இப்போது அம்மாவுக்கும் காய்ச்சல்.

விற்பனையாளர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதை என்றைக்கு நிறுத்துவார்களோ! வீட்டில் போடுகிற சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. சுவருக்கு வெளியே போகிற குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. வலை ஃபில்டரில் நிற்பது பஞ்சும் தூசியும். வைரஸ் சுமந்த நுண்துளிகள் அதற்குள் சுலபமாகப் போய்விடும். அப்பா இருமியது வெளியேற வழியில்லாமல் அறையிலேயே சுற்றியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் அதையே சுவாசித்திருக்கிறார். தவறு ஏசியின் குளிர்ச்சியில் இல்லை, அடைத்த ஜன்னலில் இருக்கிறது.

இப்போது இப்படிச் செய்யுங்கள். அப்பாவின் கட்டில் ஜன்னல் பக்கம், பார்த்துக்கொள்பவரின் நாற்காலி கதவுப் பக்கம். ஜன்னலைத் திறந்து, ஒரு ஸ்டாண்ட் ஃபேனை அதன் அருகே வெளியே பார்த்தபடி வையுங்கள். கதவை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். வீட்டுக் காற்று கதவு வழியாக நுழைந்து, நாற்காலியைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி வெளியே போக வேண்டும். கதவு இடுக்கில் மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்துப் பாருங்கள்: அறைக்குள் சாய்ந்தால் சரி. வீட்டுப் பக்கம் சாய்ந்தால் வெளிக்காற்று எதிர்த்து அடிக்கிறது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

வெக்கை தாங்காத நேரத்தில் ஏசி போடலாம். 26 டிகிரி, காற்று மேல்நோக்கி, ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். மின்சாரம் கூடுதலாகத்தான் ஆகும். நோய் தீரும்வரை அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: "வைரஸைக் கொல்லும் பிளாஸ்மா" என்று ஒரு குட்டி ஏர் ப்யூரிஃபையரைத் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டியில் CADR 60 என்று இருக்கிறது. பயன்படுமா?

உங்கள்மேல் தப்பில்லை. அந்த வார்த்தையை நம்பி நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்: மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். நோயாளி அறையில் மணிக்கு ஐந்து முறையாவது காற்று சுத்தமாக வேண்டும் என்று வைத்தால் 180 தேவை. உங்களுடையது இரண்டு முறைகூடத் தராது. முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்மா பொத்தானை அணைத்து, ஃபில்டரை மட்டும் ஓடவிடுங்கள். அப்படிப்பட்ட சில கருவிகள் ஓசோனை வெளியிடும், இருமுகிறவருக்கு அது எரிச்சல். ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

கேள்வி: காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு ஃபேன் போடலாமா?

மெதுவாகப் போடலாம். மயிர் கூச்செறிந்தாலோ நடுங்கினாலோ அணைத்துவிடுங்கள். நடுக்கமே உடம்புச் சூட்டை ஏற்றும்.