ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு என்ன விதைப்பது?

கேள்வி: செங்கல்பட்டு டவுன்லேர்ந்து 6 கிலோமீட்டர்ல ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கு. கிணறு, பம்புசெட், ரெண்டு கறவை மாடு, நாலு ஆடு உண்டு. சென்னைக் குடும்பங்களை ஞாயித்துக்கிழமை வரவழைச்சு, வயலைச் சுத்திக் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்பலாம்னு இருக்கோம். எத்தனை பேரைக் கூப்பிடலாம், என்ன காட்டுறது, எவ்வளவு வாங்குறது?

பதில்: ஒரு ஞாயிற்றுக்கு ஐந்து குடும்பம், மொத்தம் 20 பேர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நிலம் போதும், இரண்டு கழிப்பறையும் இரண்டு பேர் பார்க்கும் சமையலும்தான் அதற்கு மேல் தாங்காது.

சுற்றிப் பார்ப்பது அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் கையால் பறிக்க வயலில் ஏதாவது இருந்தால்தான் சாயந்தரம் வரை நிற்பார்கள். அதனால் வரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

சுலபமானது சிறுகீரை. 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். 10 அடிக்கு 6 அடியில் நான்கு பாத்தி போட்டு, வாரம் ஒரு பாத்தியாக விதையுங்கள். ஒரு தேக்கரண்டி விதையை நான்கு மடங்கு மணலோடு கலந்து தூவினால் அடர்த்தி ஆகாது. ஒரு பாத்தியில் ஐந்து கிலோ அளவுக்குக் கிடைக்கும். பாதி அன்றைய கடைசலுக்கு, பாதி ஆளுக்கொரு கட்டாக வீட்டுக்கு.

கோடை விடுமுறைக்கு நிலக்கடலையை விட்டால் வேறில்லை. உங்கள் பக்கத்து இறவைப் பட்டம் மார்கழி, தை என்பதால் கணக்கும் சரியாக வரும். 105 நாள் ரகத்தை ஜனவரி 5, 15, 25 என்று மூன்று துண்டாக விதைத்தால் ஏப்ரல் 20 முதல் மே 10 வரை ஒவ்வொன்றாகத் தயாராகும். ஒரேயடியாக விதைத்தால் ஒரு ஞாயிறோடு முடிந்தது. முற்றிய பிறகும் விட்டு வைத்தால் காம்பு இற்றுப்போய், செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே நிற்கும். இடையில் மழை பெய்தால் முளைத்தும் விடும். காயை உடைத்து ஓட்டின் உட்புறம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். கருத்திருந்தால் அந்த வாரமே பிடுங்க வேண்டும். வெள்ளிக்கிழமை தண்ணீர் கட்டினால் ஞாயிறன்று மண் பதமாக இருக்கும், ஆறு வயதுப் பிள்ளை இழுத்தாலும் வந்துவிடும். குடும்பத்துக்கு 40 செடி என்று சாலில் குச்சி நட்டுப் பிரித்துக் கொடுங்கள். அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ பச்சைக்காய் தேறும். இப்படிப் பிரிக்காவிட்டால் முதலில் வந்தவர்களே மொத்தத்தையும் பிடுங்கி முடித்துவிடுவார்கள். பறிக்கவிருக்கும் எதிலும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், பிள்ளைகள் அங்கேயே உரித்துத் தின்பார்கள்.

மாடு கறப்பதைக் காட்ட ஆசைப்பட வேண்டாம். கூட்டத்தைக் கண்டு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். நேரம் மாற்றிக் கறந்தால் அடுத்த வேளையும் பாதிக்கும். வழக்கம்போல் விடியற்காலையில் கறந்துவிட்டு, வந்தவர்களைப் புல் கொடுக்கச் சொல்லுங்கள். யாரும் மாட்டின் பின்னால் நிற்கக் கூடாது. பெரிய ஆபத்து மீந்த சாப்பாடு. பாவம் மாடு என்று ஆளுக்கொரு கவளம் சோறும் பாயசமும் கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி, மாலையே அசைபோடுவதை நிறுத்திவிடும். அதற்காகவே எச்சில் இலைத் தொட்டியைத் தொழுவத்துக்கு எட்டாமல் வையுங்கள்.

சாப்பாட்டில் நிறைய வகை தேவையில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ்: வெள்ளி இரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, சனி மாலை நொய்யோடு காய்ச்சி, ஞாயிறு மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு கொடுங்கள். கூழ் பிடிக்காத பிள்ளைகளுக்கு நாலு இட்லி இருக்கட்டும். மதியம் சோறு, சாம்பார், ரசம், கீரைக் கடைசல், அப்பளம். 12 பெரியவர், 8 பிள்ளைகளுக்கு இரண்டேகால் கிலோ அரிசி போதும். கீரை பத்தரைக்குள் அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைகள் களையையும் சேர்த்தே பிடுங்குவார்கள், ஆய்ந்து அலச முக்கால் மணி நேரம் பிடிக்கும். சாயந்தரம் அவித்த கடலை.

எல்லாரும் கேட்பது பம்புசெட் குளியல். தொட்டியில் இரண்டரை அடிக்கு மேல் தண்ணீர் நிற்காதபடி வழிவு ஓட்டை வையுங்கள். மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்து, கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் பிரேக்கரும் மாட்டுங்கள். கிணற்றுக்கு நாலடி சுற்றுச்சுவரும் மேலே கம்பிவலையும் இல்லாமல் ஒரு குடும்பத்தைக்கூட உள்ளே விடாதீர்கள். இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து சமையல் கொட்டகைக்கு ஒயர் இழுத்தால் அது விதிமீறல். அதற்குத் தனி இணைப்பு வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பணம் வாங்குவதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும்.

பெரியவருக்கு 500, பிள்ளைக்கு 300 என்று வைத்தால் 8,400 ரூபாய் வரும். மளிகை, பால், கேஸ் 2,000, உதவிக்கு இரண்டு பேர் கூலி 1,000, கட்டிக் கொடுக்கும் கீரை, கடலையின் சந்தை விலை 500 என்று கழித்தால் 4,900 மிஞ்சும். இது தோராயம்; உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பணத்தை வியாழக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள், மாவு கரைப்பதும் தண்ணீர் கட்டுவதும் வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்கிறது. மழை வந்தால் பணத்தைத் திருப்பாமல் அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றித் தருவோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.